ஓலை வாசிக்கும் முன்னே

உங்கள் இல்லத்தில் ஒரு திருமணம் நிச்சயமாகியிருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். மணமகளுக்கு 27 வயது. ஓலை வாசிக்க இன்னும் மூன்று வாரங்களே உள்ளன. அவள் தாயிடம் வந்து சொல்கிறாள்: "அம்மா, 22 வயதில் நான் ஒருவரை விரும்பினேன். வீட்டுக்குத் தெரியாமல் பதிவும் செய்தோம். சேர்ந்து வாழவில்லை. அவர் வெளிநாடு போய்த் தொடர்பே அற்றுவிட்டது." தாயின் பதிலும் நமக்குத் தெரிந்ததே: "பிள்ளை, வாயைத் திறக்காதே."

இங்கே இரு காரியங்கள் பின்னிக் கிடக்கின்றன. முதலாவது, அந்தப் பழைய அன்பு. அது முடிந்துபோனது. பாவசங்கீர்த்தனத்தில் அறிக்கையிட்டு மன்னிப்புப் பெற்றதை மணமகனிடம் விவரிக்க வேண்டுமென எந்தத் திருச்சபைச் சட்டமும் கட்டளையிடவில்லை. கேட்ட குருவானவரும் அதை வெளியிட முடியாது; 983ஆம் சட்டம் அவரைக் கட்டுகிறது. ஆயினும் மணமகன் நேரே வினவினால் பொய்யுரைக்கலாகாது. "ஒருவரை விரும்பியிருந்தேன், அது முடிந்துவிட்டது" என்பது போதும். அந்த மனிதரின் பெயரும் ஊரும் மற்றவருடைய இரகசியங்கள். அவற்றைக் கேட்டு வதைக்கும் மணமகனைப் பற்றியும் சற்றுச் சிந்திக்கத்தான் வேண்டும்.

இரண்டாவது, பதிவு. இதை மறைக்க வழியில்லை. கத்தோலிக்கர் இருவர் குருவும் சாட்சிகளும் இன்றிப் பதிவாளர் முன் மட்டும் கையொப்பமிட்டால், அதைத் திருச்சபை செல்லுபடியான திருமணமாகக் கொள்வதில்லை. இதைக் கேட்டுப் பலர் ஆறுதலடைந்துவிடுகிறார்கள். ஆனால் நாட்டுச் சட்டத்தின்முன் அவள் இன்னும் ஒருவரின் மனைவி. மாவட்ட நீதிமன்றம் அத்திருமணத்தைக் கலைக்கும்வரை மறுபதிவு செல்லாது, குற்றமுமாகும். வழக்கில் முதலில் ஒரு தீர்ப்பும், குறைந்தது 3 மாதங்களின் பின்னரே இறுதித் தீர்ப்பும் வரும். ஆகவே குறித்த நாள் எவ்வகையிலும் நிலைக்காது. திருமணத்துக்கு முந்திய விசாரணையில் பங்குத்தந்தை இருவரையும் தனித்தனியே வினவும்போது இதை அவரிடமும் கூறியாக வேண்டும்.

மறைத்தே மணந்தால்? 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1098ஆம் சட்டம் இதைப் பேசுகிறது. சம்மதம் பெறும் நோக்குடன், இல்லறத்தைப் பெரிதும் குலைக்கக்கூடிய ஒரு பண்பை வஞ்சகமாக மறைத்தால், அத்திருமணம் செல்லாது. மலட்டுத்தன்மை திருமணத்துக்குத் தடையன்று. ஆனால் அறிந்தும் மறைத்துச் சம்மதம் பெறுவது இச்சட்டத்துள் அடங்கும். வேறொருவரிடம் பெற்ற குழந்தை, தீராத நோய் ஆகியவற்றை மறைப்பதையும் இவ்வாறே நோக்குவர். பழைய காதல் ஒன்றைச் சொல்லாமல் விட்டது பொதுவாக இந்த அளவுக்கு எட்டாது.

யார் சொல்வது? தரகரும் மாமனும் அல்லர். அவளே சொல்ல வேண்டும். பந்தலுக்குக் கால் நட்டபின் சொன்னால், மறுக்க மணமகனுக்குச் சுதந்திரம் இராது. ஓலை வாசிக்குமுன், இருவரும் தனித்திருந்து, பதிவுச் சான்றிதழின் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லட்டும். அவர் சில நாள் அவகாசம் கேட்டால், அழைத்து நெருக்காமல் விடுங்கள். இதற்கிடையில் தாய் செய்யக்கூடியது ஒன்றுண்டு: மண்டபத்துக்குக் கொடுத்த முற்பணத்தைத் திருப்பித் தருவார்களா என்று விசாரிக்கலாம்.