நோயில்லாதவருக்கும் ஏன் மாத்திரை?

யானைக்கால் என்றால் நம் தோட்டத்துப் பெரியவர்களுக்குக் கும்பகோணத்துப் பக்கந்தான் நினைவுக்கு வரும். அது ஊரிலிருந்து வந்த நோய், இங்கே நமக்கு இல்லை என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் இந்த நாட்டில் இந்நோயைப் பெரும்பாலும் உண்டாக்கும் புழுவின் பெயரே புரூகியா மலாயி. பெயரிலேயே மலாய் இருக்கிறது. தமிழ்நாட்டில் காணப்படுவது உச்சரேரியா என்னும் வேறு இனம். அதைச் சாக்கடைக் கொசு பரப்புகிறது. இங்குள்ளதைப் பரப்பும் மான்சோனியா கொசுவோ, ஆகாயத்தாமரை போன்ற நீர்ச்செடிகளின் வேரைப் பற்றிக்கொண்டு சதுப்பு நீரில் வளர்கிறது.

மலேசியாவில் நோய் பரவும் இடங்களாகக் குறிக்கப்பட்ட பகுதிகளில் 2004-ஆம் ஆண்டு முதல், ஆண்டுக்கு ஒரு முறை மாத்திரை கொடுக்கும் திட்டம் நடைபெற்றது. அதே 2004-இல் இந்தியாவிலும் அது நாடு தழுவிய திட்டமாயிற்று. "காலில் வீக்கமே இல்லாத எனக்கு எதற்கு மாத்திரை?" என்று அங்கும் கேட்டார்கள், இங்கும் கேட்டார்கள். கேள்வி நியாயமானதே. அதற்குரிய விடையைத்தான் இங்கே விளக்க விரும்புகிறேன்.

தாய்ப்புழுக்கள் நம் உடலின் நிணநீர்க் குழாய்களில் குடியிருந்து, பல ஆண்டுகள் உயிர் வாழ்கின்றன. அவை ஈனும் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுப் புழுக்கள் பெரும்பாலும் இரவு நேரத்தில் இரத்தத்தில் வந்து உலவும். அதனால்தான் இரத்தம் எடுக்கும் சுகாதார ஊழியர்கள் இரவில் வீடு தேடி வருகிறார்கள். அவ்வேளையில் கடிக்கும் கொசு அந்தக் குஞ்சுகளை உறிஞ்சி, சில நாள் கழித்து அடுத்தவருக்குக் கொண்டு சேர்க்கும். இப்படிக் குஞ்சுகளைச் சுமப்பவரில் பலருக்குக் காலும் வீங்காது, காய்ச்சலும் வராது. அவர்களுக்கே தெரியாமல் அவர்களிடமிருந்து நோய் பரவுகிறது. மாறாக, கால் பருத்துப் பல ஆண்டுகள் ஆனவரின் இரத்தத்தில் பெரும்பாலும் குஞ்சுகளே இருப்பதில்லை. ஆகவே வீங்கிய காலைப் பார்த்து மாத்திரை கொடுத்தால், பரப்புகிறவரை விட்டுவிட்டுப் பரப்பாதவருக்குக் கொடுத்ததாக முடியும். ஊர் முழுவதும் விழுங்க வேண்டும் என்பதன் காரணம் இதுதான்.

அத்திட்டத்தில் கொடுக்கப்பட்ட மருந்துகள் இரண்டு. ஒன்று டைஎதில்கார்பமசின், சுருக்கமாக டி.இ.சி. என்பார்கள். மற்றொன்று நம் பிள்ளைகளுக்குப் பூச்சி மாத்திரையாகக் கொடுக்கும் அல்பெண்டசோல். ஒரு வேளை மருந்து குஞ்சுகளைப் பெருமளவு அழித்து, ஏறக்குறைய ஓர் ஆண்டுக்குத் தலைதூக்க விடாமல் வைக்கும். தாய்ப்புழுக்களில் பல பிழைத்துக்கொள்ளும். அவை ஆயுள் முடிந்து சாகும் வரை, ஒவ்வோர் ஆண்டும் புதுக் குஞ்சுகளை அடக்கிக்கொண்டே வரவேண்டும். ஐந்து ஆண்டுக் கணக்கு வந்தது இப்படித்தான். ஊரின் மொத்த மக்களில் நூற்றுக்கு 65 பேராவது ஒவ்வோர் ஆண்டும் விழுங்கியிருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். வீட்டில் வாங்கி வைத்த மாத்திரை இந்தக் கணக்கில் சேராது. ஊழியர் கண்ணெதிரே விழுங்கச் சொல்வது அதனால்தான்.

தஞ்சாவூர் மாவட்டத்தில் இருக்கும் என் அக்காள் வீட்டில் நடந்ததைச் சொன்னால் எளிதில் விளங்கும். திட்டம் நடந்த ஆண்டுகளில் ஒரு முறை ஊழியர் வந்தபோது வீட்டில் ஏழு பேர் இருந்தார்கள். டி.இ.சி. அளவு உடல் எடையில் கிலோவுக்கு 6 மில்லிகிராம். வீடு வீடாக எடை பார்ப்பது இயலாது என்பதால் வயதை வைத்துக் கொடுக்கிறார்கள். 100 மில்லிகிராம் மாத்திரையில் 2 முதல் 5 வயது வரை ஒன்று, 6 முதல் 14 வரை இரண்டு, 15-க்கு மேல் மூன்று. அதனுடன் எல்லாருக்கும் அல்பெண்டசோல் ஒன்று. அதன்படி அக்காளுக்கும் அவர் மகனுக்கும் மூன்று மூன்று, பத்து வயதுப் பேத்திக்கு இரண்டு, நான்கு வயதுப் பேரனுக்கு ஒன்று. ஆறு மாதக் கர்ப்பிணியான மருமகளுக்குக் கொடுக்கவில்லை. பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த மகளின் எட்டு மாதக் குழந்தைக்கும் இல்லை. பால் கொடுக்கும் அந்த மகளுக்கு மட்டும் மூன்று கொடுத்தார்கள். பால் கொடுப்பது இம்மருந்துக்குத் தடையில்லை.

அக்காளுக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. "நான் வேண்டாமே" என்றார். ஊழியர் விடவில்லை. மருந்தினால் கட்டுக்குள் இருக்கும் சர்க்கரையோ அழுத்தமோ விலக்குக்குக் காரணமாகாது. முதுமையும் ஆகாது. விலக்கு மூன்று வகையினருக்கே: இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகள், கர்ப்பிணிகள், இருதயம், சிறுநீரகம் போன்றவற்றில் கடும் நோயுற்றோ படுக்கையிலோ இருப்பவர்கள். காய்ச்சலாகக் கிடப்பவர் குணமான பின் விழுங்கலாம். கர்ப்பிணி அடுத்த ஆண்டுச் சுற்றில் சேர்ந்துகொள்வார். கால் வீங்கியவருக்கும் விலக்கில்லை. ஆனால் இம்மாத்திரையால் பழைய வீக்கம் வடியும் என்று அவர் எதிர்பார்க்கக் கூடாது. காலைத் தினமும் சோப்புப் போட்டுக் கழுவித் துடைப்பதும், விரலிடுக்குப் புண்ணை ஆற்றுவதுமே அதற்கு வைத்தியம்.

அன்று சாப்பிட்ட பிறகே மாத்திரையை விழுங்கினார்கள். வெறும் வயிற்றில் குமட்டல் அதிகமாகும். ஐவரில் நால்வருக்கு ஒன்றுமே ஆகவில்லை. மகனுக்கு மட்டும் இரவில் காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி. "மாமா, விஷத்தைக் கொடுத்துவிட்டார்களா?" என்று எனக்குப் போன் செய்தான். பாராசிட்டமால் போட்டுக்கொண்டு படுத்தான். இரண்டாம் நாள் சரியாயிற்று.

இத்தகைய காய்ச்சல் பெரும்பாலும் மருந்தின் நஞ்சினால் வருவதன்று. இரத்தத்தில் குஞ்சுகள் ஒரே நேரத்தில் சாகும்போது உடம்பு காட்டும் எதிர்ப்பு அது. குஞ்சுகள் எவ்வளவு அதிகமோ அவ்வளவு காய்ச்சல். காலில் ஒரு மாற்றமும் இல்லாத அவன், ஊருக்கு நோய் பரப்பும் நிலையில் இருந்திருக்கக்கூடும் என்பதற்கு அந்த இரவே அடையாளம். நம் நாட்டுப் புரூகியாவில் இந்த எதிர்ப்பு இன்னும் கூடுதலாகவே இருக்கும். பொதுவாக ஒன்று முதல் மூன்று நாளில் அடங்கும். சிலருக்கு நிணநீர்க் குழாய் ஓடும் இடத்தில் வலியுள்ள சிறு கட்டி தோன்றும். அங்கே தாய்ப்புழு செத்துக் கிடக்கிறது என்று பொருள். மூச்சுத் திணறல், முகவீக்கம், மயக்கம், மூன்று நாளுக்கு மேற்பட்ட காய்ச்சல் ஆகியவை வேறு வகை. அவற்றுக்கு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மறு ஆண்டு அந்தத் தெருவில் பலர் மாத்திரையை வாங்கிக்கொண்டு, விழுங்காமல் எறிந்தார்கள். மருமகனின் காய்ச்சலைப் பார்த்தவர்கள் அவர்கள். யாரிடம் புழு இருந்ததோ அவருக்கே காய்ச்சல் வரும். அவரையும் அவரைப் பார்த்தவர்களையுமே பயம் விலக்கிவிடும். எஞ்சியவர்கள் விழுங்கினாலும் கொசுவுக்கு இரை கிடைத்துக்கொண்டே இருக்கும். மருந்து சரியாயிருந்தும் சில ஊர்களில் சுற்றுகள் நீள்வதன் காரணம் இது.

இலங்கையில் 2002 முதல் 2006 வரை எட்டு மாவட்டங்களில் ஐந்து சுற்றுகள் கொடுத்தார்கள். இந்நோயை ஒழித்த நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் 2016-இல் அதற்குச் சான்றளித்தது. வெற்றியை எப்படி அறிவது? சுற்றுகள் முடிந்தபின் 6, 7 வயதுப் பிள்ளைகளின் இரத்தத்தைச் சோதிப்பார்கள். அவர்கள் மாத்திரைக் காலத்தில் பிறந்தவர்கள். அவர்களிடம் தொற்று அறவே இல்லை அல்லது மிக அரிது என்றால், கொசு இனிக் கொண்டு செல்ல ஏதுமில்லை.

நம் பேராக் மாநிலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டங்களாகவும் மாறிவிட்டன. அங்கே இந்நோய் உள்ள நாடுகளிலிருந்து வந்தவர்களும் வேலை செய்கிறார்கள். நாமும் ஊருக்குப் போய் வருகிறோம். சுகாதார இலாகா இரவில் இரத்தம் எடுக்க வந்தால் விரலை நீட்டுங்கள். மாத்திரை கொடுத்தால் கர்ப்பம், கடும் நோய் எதுவாயினும் மறைக்காமல் முன்பே சொல்லுங்கள். அன்றிரவு காய்ச்சல் வந்தால் அதன் பொருள் என்ன என்பது இப்போது உங்களுக்குத் தெரியும்; பக்கத்து வீட்டாருக்கும் அதைச் சொல்லுங்கள்.