இரண்டிரண்டாய் இறங்கும் அடுக்கு

சைன் வளைவரையின் கீழ் 0 முதல் π/2 வரை உள்ள பரப்பு சரியாக 1. சைனை இருமடி ஆக்கினால் பரப்பு π/4. இதுவரை பிளஸ் டூ மாணவருக்குச் சிரமம் இல்லை. ஆறாம் அடுக்கைக் கேட்டால்தான் தாள் நிரம்பத் தொடங்குகிறது. இரட்டைக் கோணச் சூத்திரத்தை மீண்டும் மீண்டும் போட்டு விடைக்கு வந்துவிடலாம். ஆனால் பத்தாம் அடுக்கு, இருபதாம் அடுக்கு என்று போனால் அந்த வழி கைகொடுக்காது. அங்கே உதவுவது குறைப்புச் சூத்திரம். அது அடுக்கை ஒவ்வொரு முறையும் இரண்டு குறைக்கிறது.

சூத்திரத்தைப் பிறப்பிக்கப் பகுதித் தொகையிடல் போதும். இரண்டு சார்புகளின் பெருக்கலை வகையிடும் விதியைத் திருப்பிப் போட்டதுதான் அது: ∫u dv = uv − ∫v du. இங்கே பெருக்கல் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லையே என்று தோன்றும். sinⁿx-இலிருந்து ஒரே ஒரு சைனைப் பிரித்தெடுத்தால் பெருக்கல் கிடைத்துவிடும். u என்பது sinⁿ⁻¹x, dv என்பது sin x dx என்று கொண்டால், v = −cos x. sinⁿx-இன் தொகையீட்டை Iₙ என்று குறித்தால்:

Iₙ = −sinⁿ⁻¹x cos x + (n−1) ∫ sinⁿ⁻²x cos²x dx

வலப்பக்கம் cos²x வந்து நிற்கிறது. அதற்குப் பதிலாக 1 − sin²x என்று எழுதியதும் தொகையீடு இரண்டாகப் பிரிகிறது. ஒன்று Iₙ₋₂. மற்றொன்று, எதைக் கண்டுபிடிக்கப் புறப்பட்டோமோ அதே Iₙ!

சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டோம் என்று நினைத்துப் பலர் பேனாவை வைத்துவிடுவது இந்த வரியில்தான். உண்மையில் கணக்கு முடிவதும் இங்கேதான். வலப்பக்கம் வந்த Iₙ-க்கு முன்னால் −(n−1) இருக்கிறது. அதை இடப்பக்கம் கொண்டுபோனால் அங்கே ஏற்கெனவே உள்ள ஒன்றோடு சேர்ந்து n Iₙ ஆகிவிடும். n-ஆல் வகுத்தால் சூத்திரம் தயார்:

Iₙ = −(sinⁿ⁻¹x cos x)/n + ((n−1)/n) Iₙ₋₂

குறியில் கவனம் தவறி (n−1) Iₙ-ஐக் கூட்டல் குறியோடு எழுதினால், இடப்பக்கம் (2−n) Iₙ என்று வரும். n = 2 என்று போட்டால் அது பூச்சியமாகிவிடும். பிழை உடனே தெரிந்துவிடும்.

எல்லைகள் 0, π/2 என்றால் வேலை இன்னும் எளிது. n இரண்டோ அதற்கு மேலோ இருந்தால், 0-இல் சைன் பூச்சியம், π/2-இல் கொசைன் பூச்சியம். முதல் உறுப்பு முழுவதும் மறைந்து, Iₙ = ((n−1)/n) Iₙ₋₂ மட்டும் மிஞ்சும். ஆறாம் அடுக்கில் இதை மூன்று முறை போடவேண்டும். ஆறிலிருந்து நான்கு, நான்கிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து பூச்சியம்:

I₆ = 5/6 × 3/4 × 1/2 × π/2 = 5π/32

இது ஏறத்தாழ 0.491. கடைசியில் வந்த π/2 என்பது I₀, அதாவது 1 என்ற எண்ணின் தொகையீடு. ஒற்றை அடுக்கில் இறக்கம் I₁-இல் நிற்கும். அதன் மதிப்பு 1. அதனால் I₅ = 4/5 × 2/3 × 1 = 8/15. இரட்டை அடுக்கின் விடையில் π இருக்கும், ஒற்றை அடுக்கின் விடையில் இருக்காது. விடையைச் சரிபார்க்க இந்த ஒரு பார்வை போதும்.

எல்லை மாறினால் இந்தச் சுருக்கம் செல்லாது. 0 முதல் π/4 வரை sin²x-இன் பரப்பைக் கேட்கும்போது, பழக்கதோஷத்தில் முதல் உறுப்பை விட்டுவிட்டால் 1/2 × π/4 = π/8 என்று வரும். அந்த இடைவெளியில் வளைவரையின் உச்ச உயரம் 1/2, அகலம் π/4. ஆக, π/8 என்பது வளைவரையை அடைக்கும் செவ்வகத்தின் முழுப் பரப்பு! பூச்சியத்திலிருந்து மேலேறும் வளைவரை செவ்வகத்தை முழுவதும் நிரப்ப முடியாது. விடுபட்ட உறுப்பின் மதிப்பு −1/4. அதையும் சேர்த்தால் சரியான விடை π/8 − 1/4, அதாவது சுமார் 0.143.

இதே இறக்கத்திலிருந்து π-இன் மதிப்பையும் பிடிக்கலாம். 0-க்கும் π/2-க்கும் இடையில் சைன் 1-ஐத் தாண்டுவதில்லை. அடுக்கு கூடக் கூடப் பரப்பு குறையும். ஆகவே I₆ என்பது I₇-ஐவிடப் பெரியது, I₅-ஐவிடச் சிறியது. I₇ = 16/35. எனவே 16/35 < 5π/32 < 8/15. இதிலிருந்து π என்பது 2.926-க்கும் 3.413-க்கும் இடையில் சிக்குகிறது. அடுக்கை ஏற்றிக்கொண்டே போனால் இடைவெளி சுருங்கி, முடிவில் இந்தப் பெருக்கல் தொடர் கிடைக்கும்:

π/2 = (2·2)/(1·3) × (4·4)/(3·5) × (6·6)/(5·7) × …

ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் ஜான் வாலிஸ் 1656-இல் ‘அரித்மெட்டிகா இன்ஃபினிடோரம்’ நூலில் வெளியிட்ட தொடர் இது. அவர் குறைப்புச் சூத்திரத்தைக் கொண்டு இதை அடையவில்லை. எண் அட்டவணைகளின் இடைவெளிகளை ஊகித்து நிரப்பி வந்தடைந்தார். π-ஐக் கணக்கிட இது மெதுவான வழிதான். நூறு காரணிகளைப் பெருக்கி இரட்டித்தாலும் சுமார் 3.134 வரைதான் வரமுடியும். இரண்டாம் தசம இடமே இன்னும் சரியாகியிருக்காது.