குழியா, ஷாஃப்ட்டா? சம்பவ அறிக்கையை ஆங்கிலத்தில் தரும்போது

2025 ஜூலை 26, சனிக்கிழமை மாலை. தஞ்சோங் காத்தோங் ரோடு சவுத்தில் சாலை திடீரென உள்வாங்கி, போய்க்கொண்டிருந்த கார் ஒன்று உள்ளே விழுந்தது. பக்கத்திலேயே பொதுப் பயனீட்டுக் கழகத்தின் கட்டுமானத் தளம். அங்கு வேலை பார்த்த வெளிநாட்டு ஊழியர்கள் கயிறு போட்டு, காரை ஓட்டிய பெண்ணைச் சில நிமிடங்களில் மேலே கொண்டுவந்தார்கள். அவர்களை வழிநடத்திய மேற்பார்வையாளர் தமிழ்நாட்டுக்காரர். இதெல்லாம் நாம் செய்தியில் படித்ததுதான்.

இப்படி ஒரு சம்பவத்தைப் பார்த்தவர் தமிழில் சொல்ல, அதைத் தலைமை அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் அனுப்ப வேண்டுமென்றால் எங்கே சறுக்கும்? வகுப்புக்காக நானே ஒரு வாக்குமூலம் எழுதினேன். அங்கிருந்த யாரும் சொன்னதல்ல, பயிற்சிக்காகக் கற்பனை செய்தது:

“சாயங்காலம் அஞ்சே முக்கால் இருக்கும். பெரிய சத்தம் கேட்டுச்சு. கான்கிரீட் உடைஞ்சு ரோடு உள்ள போயிடுச்சு. ஒரு காரு குழிக்குள்ள விழுந்துச்சு. பெல்ட்ட மாட்டிட்டு இறங்கவான்னு ஒருத்தர் கேட்டார், வேணாம்னுட்டேன். கயித்தப் போட்டுத் தூக்கிட்டோம்.”

முதலில் ‘குழி’. அந்தத் தளத்தில் மூன்று கழிவுநீர்க் குழாய்களை இணைக்க, 16 மீட்டர் ஆழத்தில் செங்குத்தான ஒரு பள்ளம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பெயர் ஷாஃப்ட். கார் விழுந்ததோ, சாலையில் புதிதாக உண்டான பள்ளத்தில். அது சிங்க்ஹோல். ஊழியர் வாயில் இரண்டுமே குழிதான். ‘ஷாஃப்ட்டுக்குள் கார் விழுந்தது’ என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டால், தளத்தைச் சுற்றி வேலி இல்லையா, தடுப்பு இல்லையா என்று விசாரணை வேறு பக்கம் போய்விடும். ‘பிட்’ என்று பொதுவாகப் போட்டாலும் குழப்பம் தீராது. எந்தக் குழி என்று சொன்னவரிடமே கேட்டு எழுதுவதுதான் வழி. இன்னொன்று: சிங்க்ஹோலுக்கு நாம் ‘புதைகுழி’ என்கிறோம். அதையே அகராதி பார்த்து ஆங்கிலமாக்கும் மாணவர் ‘குயிக்சேண்ட்’ என்று எழுதினால் கதை கந்தல்!

அடுத்தது ‘உடைஞ்சு’. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. நம் வினையெச்சம் இரண்டு வேலை செய்யும். ‘சாப்பிட்டுப் போனான்’ என்றால் வெறும் வரிசை: முதலில் சாப்பாடு, பிறகு போனது. ‘மழை பெய்து ஏரி நிரம்பியது’ என்றால் காரணமும் சேர்ந்துவிடுகிறது. ‘கான்கிரீட் உடைஞ்சு ரோடு உள்ள போயிடுச்சு’ இதில் எந்த வகை? தமிழில் முடிவு செய்யாமலே சொல்லிவிடலாம், ஆங்கிலத்தில் ‘அண்ட்’ போடுவதா ‘பிகாஸ்’ போடுவதா என்று ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். ‘பிகாஸ்’ போட்டால், பார்த்தவர் சொல்லாத ஒரு பொறியியல் முடிவை அவர் தலையில் கட்டுகிறோம். கழகம் தொடக்கத்தில் தந்த விளக்கத்தைக் கவனியுங்கள்: ஷாஃப்ட்டின் கான்கிரீட் பாகம் ஒன்று பழுதான அதே நேரத்தில் பள்ளம் உருவானது என்றார்கள். ‘அதே நேரத்தில்’, அவ்வளவுதான். கான்கிரீட் உடைவதை அவர் கண்ணால் பார்த்தாரா, சத்தத்தை வைத்து ஊகித்தாரா என்பதையும் கேட்க வேண்டும். ஊகம் என்றால் அறிக்கையிலும் ஊகமாகவே இருக்கட்டும்.

‘பெல்ட்’ ஆங்கிலச் சொல்தானே, அப்படியே போடலாம் என்று தோன்றும். மாட்டக் கூடாது! தளத்தில் உடம்பில் மாட்டிக்கொள்ளும் பாதுகாப்புக் கவசமும் பெல்ட்தான், சரக்குத் தூக்கும் பட்டையும் பெல்ட்தான். அறிக்கையில் முன்னது ஹார்னஸ், பின்னது ஸ்லிங். இங்கே ‘மாட்டிட்டு இறங்கவா’ என்றதால் ஹார்னஸ் என்று ஊகிக்கலாம். இருந்தாலும் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது.

‘தூக்கிட்டோம்’ பார்க்கச் சாதாரணம். ஆனால் கட்டுமானத் துறையில் ‘லிஃப்டிங்’ என்றால் பாரந்தூக்கி வைத்துச் செய்யும் வேலை. அதற்குத் தனித் திட்டமும் அனுமதியும் உண்டு. ‘லிஃப்ட்டட்’ என்று படித்ததும் தலைமை அலுவலகத்தில் முதல் கேள்வி, எந்த கிரேன் என்றுதான் வரும். கையால் கயிற்றை இழுத்தார்கள் என்பதால் ‘புல்ட் அப் பை ஹேண்ட்’ என்பதே சரி.

கடைசியாக நேரம். ‘இருக்கும்’ என்பதற்கு ‘அபவுட்’ கட்டாயம் வர வேண்டும். என் வகுப்பில் ஒரு மாணவி அதை 5.50 என்று மாற்றி எழுதினாள். “செய்தியில அப்படித்தான் சார் இருந்துச்சு” என்றாள். செய்தியில் இருந்தது சரிதான். ஆனால் இவர் சொன்னது முக்கால். மொழிபெயர்ப்பில் 5.45 என்றே இருக்க வேண்டும். வித்தியாசத்தைச் சுட்ட வேண்டுமானால், ‘மொழிபெயர்ப்பாளர் குறிப்பு’ என்று பெயரிட்டுக் கீழே தனியாக எழுதலாம். இரண்டு பேர் சொல்லும் நேரம் ஐந்து நிமிடம் வேறுபடுவது விசாரிப்பவருக்கு ஒரு தகவல். அதை நாமே அழித்துவிட்டால் அவருக்குத் தெரியவே தெரியாது. அவளுக்கு அரை மதிப்பெண் குறைத்தேன். இன்னும் கோபமாகத்தான் இருக்கிறாள்.