அத்தைக்கு ஒரு கடிதம்

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் விடிந்ததும் ஒரு கேக் படம் வந்து விழுகிறது. அதன் கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள். யாருக்குப் பிறந்தநாள் என்று பார்த்தால் பெயர் தெரிகிறது, முகமும் ஏதோ கல்யாண வீட்டில் பார்த்ததுதான். ஆனால் அவர் நமக்கு என்ன முறை என்று யோசித்தால் பிடிபடுவதில்லை. நாமும் ஒரு பொம்மையைப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறோம். அவசர உலகத்தில் அதுவாவது செய்கிறோமே என்பவர்கள் உண்டு. அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. பொம்மைக்குப் பதிலாக நாலு வரி எழுத நினைத்து, என்ன எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிடுகிறவர்களைப் பற்றித்தான் என் கவலை.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் கதையைச் சொன்னால் விளங்கும். கும்பகோணத்துப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அவருடைய அப்பா வழி உறவில் ஒரு அம்மாவுக்கு 80 வயது நிறைகிறது. இந்தப் பெண் அவரைக் கல்யாண வீடுகளில் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி, உட்கார்ந்து பேசியதில்லை. “நீயே ஒரு கடிதம் எழுதும்மா, அவங்க சந்தோஷப்படுவாங்க” என்று அப்பா சொல்லிவிட்டார். பெண்ணும் எழுதினார். “அன்புள்ள பாட்டிக்கு, பாசத்தின் ஊற்றாய், குடும்பத்தின் குலவிளக்காய்த் திகழும் தாங்கள், கணவரோடும் மக்களோடும் பேரன் பேத்திகளோடும் நூறாண்டு காலம் வாழ இறைவனை வேண்டுகிறேன்.”

அப்பா வாங்கிப் படித்தார். “மாமா போய் நாலு வருஷமாச்சேம்மா” என்று மட்டும் சொன்னார்.

பேனரிலும் வாழ்த்து அட்டையிலும் படித்த சொற்களை அப்படியே எடுத்துப் போட்டால் இதுதான் நடக்கும். அந்தச் சொற்கள் யாருக்கும் பொருந்தும்படி செய்தவை. துணையை இழந்தவருக்கும், பிள்ளை இல்லாதவருக்கும், மருமகளோடு மனத்தாங்கலில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவருக்கும் ஒரே வரிதான் போய்ச் சேருகிறது. அந்த வீட்டில் வருஷம் திரும்பாத சாவு இருந்தால் பிறந்தநாளையே கொண்டாட மாட்டார்கள். அங்கே கேக் படம் போய் நின்றால் எப்படி இருக்கும்? ஆகவே எழுதுவதற்கு முன்னால் அந்த வீட்டு நிலவரம் தெரிந்த ஒருவரிடம், இப்போது அவர் யாரோடு இருக்கிறார், உடம்பு எப்படி, இந்த ஒரு வருஷத்தில் வீட்டில் நல்லது கெட்டது என்ன நடந்தது என்று கேட்டுவிட வேண்டும். ஐந்து நிமிடப் பேச்சில் தெரிந்துவிடும்.

அந்தக் கடிதத்தில் இன்னொரு தவறும் இருந்தது. என் கணக்கில் அதுதான் பெரிய தவறு. அந்த அம்மா பாட்டி இல்லை, அத்தை.

எண்பது வயது என்றதும் பாட்டி என்று கை எழுதிவிடுகிறது. ஆனால் முறை வயதைப் பார்த்து வருவதில்லை. அந்த அம்மா, அப்பாவின் பெரியப்பா மகள். அப்பாவை விடப் பதினான்கு வயது மூத்தவர். அப்பா அவரை ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுகிறார். அப்பாவுக்கு அக்கா என்றால் மகளுக்கு அத்தை. ஒன்றுவிட்டது, இரண்டுவிட்டது என்பதெல்லாம் கூப்பிடும்போது வராது. அவரைப் பாட்டி என்று எழுதினால் ஒரு தலைமுறை தள்ளி உட்கார வைத்ததாகிவிடும். கட்டிக்கொடுத்து அறுபது வருஷம் ஆனாலும், பிறந்த வீட்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது, தம்பி மகள் எழுதியிருக்கிறாள் என்பதுதான் அந்த அம்மாவுக்குப் பெருமை. பாட்டி என்ற சொல்லில் அந்தப் பிறந்த வீடே காணாமல் போகிறது.

முறை தெரியாதவர்களுக்கு ஒரு நேர்வழி இருக்கிறது. நமக்கு என்ன முறை என்று கேட்டுக் குழம்பாமல், “நீங்க அவரை எப்படிக் கூப்பிடுவீங்க?” என்று அப்பாவிடமோ அம்மாவிடமோ கேட்க வேண்டும். அப்பா அண்ணன் என்றால் நமக்குப் பெரியப்பா, தம்பி என்றால் சித்தப்பா, அக்கா தங்கை என்றால் அத்தை. பலரும் சறுக்குவது அப்பாவின் அத்தை பிள்ளைகள், மாமன் பிள்ளைகள் விஷயத்தில்தான். அப்பா வழிச் சொந்தம்தானே என்று அந்த ஆண்களைச் சித்தப்பா என்று எழுதிவிடுகிறார்கள். அப்பாவுக்கு அவர் மச்சான், ஆகவே நமக்கு மாமா. அதே போல அப்பாவின் அத்தை மகள் நமக்கு அத்தை ஆக மாட்டார். அப்பாவுக்கு முறைப்பெண்ணாக இருந்தவர் நமக்கு அம்மா முறை. பெரியம்மா அல்லது சின்னம்மா. சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்து எடுத்த குடும்பங்களில் ஒரே ஆள் அப்பா வழியில் ஒரு முறையும் அம்மா வழியில் வேறு முறையுமாக வருவார். அங்கே எந்தக் கணக்கும் போட வேண்டாம். அவர் நம் வீட்டாரை எந்த முறையில் கூப்பிடுகிறாரோ அதைப் பிடித்துக்கொண்டால் போதும். ஊருக்கும் சமூகத்துக்கும் ஏற்பச் சொற்கள் மாறும் என்பதால், அந்த வீட்டில் புழங்கும் சொல்லையே எழுத வேண்டும்.

தேதியிலும் ஒரு சிக்கல் உண்டு. இன்று எண்பதை ஒட்டி இருப்பவர்களில் பலர் வீட்டில் பிறந்தவர்கள். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்ததே 1969இல்தான். அதற்கு முன்னும் பதிவு இருந்தது என்றாலும், எழுதி வைக்காத வீடுகள் ஏராளம். பள்ளியில் சேர்க்கும்போது கையைத் தலைக்கு மேலே வளைத்து மறுபக்கக் காதைத் தொடச் சொல்லி, தொட்டுவிட்டால் வயது ஐந்து என்று வாத்தியார் ஒரு தேதியைப் போட்டுவிடுவார். ஆதாரிலும் குடும்பக் குழுவிலும் வருவது அந்தத் தேதி. வீட்டில் கும்பிடுவது தமிழ் மாதமும் நட்சத்திரமும் சேர்ந்த நாளை. சந்திரன் இருபத்தேழு நாளும் சில மணியுமாக ஒரு சுற்று வந்துவிடுவதால், ஒரே மாதத்தில் அந்த நட்சத்திரம் இரண்டு முறை வருவதுண்டு. அப்போது இரண்டாவதாக வரும் நாளைக் கொள்வது பல வீடுகளில் வழக்கம். கும்பகோணத்து அத்தைக்குச் சான்றிதழில் ஜூன் மாதம். வீட்டில் ஐப்பசி உத்திரம். அதை அப்பாவே சொல்லிவிட்டார். “ஐப்பசி உத்திரத்தன்று உங்கள் பிறந்தநாள் என்று அப்பா சொன்னார்” என்று கடிதத்தில் ஒரு வரி வந்தால், கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதியது அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடும்.

இனிதான் கடிதத்தின் நடுப்பகுதி. பழகாத ஒருவரைப் பற்றி உண்மையாக என்ன எழுத முடியும்? நமக்கு அவரைப் பற்றிய நினைவு இல்லை. இருப்பது போல எழுதினால் அவர் உடனே கண்டுகொள்வார். ஆனால் நம் வீட்டில் வேறு யாருக்கோ அந்த நினைவு இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கி, யார் சொன்னது என்பதையும் சேர்த்து எழுதலாம். “உங்கள் அன்பை மறக்க முடியாது” என்று நாம் எழுதினால் பொய். “அப்பா இன்றைக்கும் சொல்கிறார்” என்று எழுதினால் மெய். அந்த முதியவருக்கு நாம் தரக்கூடிய புதுச் செய்தியும் அதுதான். தம்பி தன்னைப் பற்றி மகளிடம் என்ன பேசுகிறான் என்பது அவருக்கு வேறு எங்கிருந்தும் தெரியவராது.

அதையும் கேட்கிற விதமாகக் கேட்க வேண்டும். “அத்தை எப்படிப்பட்டவங்க?” என்று பெண் கேட்டபோது “ரொம்ப நல்லவங்க” என்றுதான் பதில் வந்தது. அதை வைத்துக்கொண்டு ஒன்றும் எழுத முடியாது. “அவங்க வீட்டிலே நீங்க என்ன சாப்பிட்டீங்க? எங்கே படுத்துத் தூங்கினீங்க?” என்று கேட்ட பிறகுதான் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். பி.யூ.சி. படித்த வருஷம் முழுக்க அப்பா இருந்தது அந்த அக்கா வீட்டில்தான். மொத்தமே இரண்டு சட்டைகள். காலர் நைந்து போனபோது அக்கா அதைத் தையல் பிரித்து, நைந்த பக்கம் உள்ளே போகும்படி திருப்பி வைத்து, கையாலேயே தைத்துக் கொடுத்தார். பார்த்தால் புதுக் காலர் மாதிரி இருக்குமாம். மகள் இதை அதுவரை கேட்டதே இல்லை.

இரண்டாவதாக எழுதிய கடிதம் இது:

“அன்புள்ள அத்தைக்கு, வணக்கம். நான் உங்கள் தம்பியின் மூத்த மகள். கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறேன். கல்யாண வீடுகளில் உங்களைத் தூரத்தில் பார்த்திருக்கிறேன், பேச வாய்க்கவில்லை. ஐப்பசி உத்திரத்தில் உங்களுக்கு எண்பது நிறைகிறது என்று அப்பா சொன்னார். கும்பகோணத்தில் படித்தபோது நைந்த காலரைத் திருப்பி வைத்து நீங்கள் தைத்துக் கொடுத்ததையும் சொன்னார். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் பரீட்சை எழுதினாராம். அதைச் சொல்லும்போது அப்பாவுக்குக் குரல் மாறிவிட்டது. அந்தத் தையலை யாரிடம் கற்றுக்கொண்டீர்கள் அத்தை? உங்களுக்கு என் நமஸ்காரம். என்னை ஆசீர்வாதம் செய்யுங்கள்.”

இதில் புகழ்ச்சி ஒன்றும் இல்லை. நான் யார் என்பது முதலிலேயே வந்துவிடுகிறது. எண்பது வயதில் ‘இவள் யார்’ என்று அவர் திணற வேண்டியதில்லை. பழக்கமில்லை என்பதை மறைக்கவும் இல்லை, அதற்காக வருந்திக்கொண்டும் இருக்கவில்லை. ‘சீக்கிரம் வந்து பார்க்கிறேன்’ என்ற வாக்கு இதில் இல்லாதது எனக்குப் பிடித்தது. பெரியவர்கள் அதை நம்பி நாள் எண்ணுவார்கள். போவது உறுதியானால் தேதி போட்டு எழுதலாம், இல்லாவிட்டால் விட்டுவிடுவதே மரியாதை. கடைசியில் ஒரு கேள்வி இருப்பதால் அவருக்குப் பதில் சொல்ல ஒரு பிடி கிடைக்கிறது. வாழ்த்துக்கு ‘நன்றி’ என்பதைத் தவிர அவர் வேறு என்ன சொல்ல முடியும்?

இன்லேண்ட் லெட்டர் இன்னும் 2 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கிறது. உள்ளே எதையும் வைத்து ஒட்டக்கூடாது, ஆகவே போட்டோ அனுப்புவதாக இருந்தால் உறைதான். ஒரு வாரம் முன்னதாகப் போட்டுவிடுவது நல்லது. எழுத்து பெரிதாக, வரிகள் தள்ளித் தள்ளி இருக்கட்டும். பார்வை மங்கியவர் என்றால் மருமகளோ பேரனோ உரக்கப் படித்துக் காட்டுவார்கள் என்பதையும் நினைவில் வைத்து, வீட்டார் எல்லோரும் கேட்கக்கூடியதை மட்டும் எழுத வேண்டும்.

அந்தக் காலர் கதையைச் சொன்ன அப்பாவுக்கு இப்போது அறுபத்தாறு வயது. யார் யாருக்கு என்ன முறை, எந்த வீட்டில் யார் சாப்பாடு போட்டுப் படிக்கவைத்தார்கள் என்பதெல்லாம் தெரிந்த கடைசி வரிசை அவருடையது. நம் பிள்ளைகள் அங்கிள், ஆன்ட்டி என்ற இரண்டு சொல்லில் எல்லோரையும் அடக்கிவிடுகிறார்கள். இந்த வரிசையும் போன பிறகு, அத்தைக்கு எழுத வேண்டும் என்று ஒரு பேத்தி ஆசைப்பட்டாலும் அது அத்தைதானா என்று சொல்ல வீட்டில் ஆள் இருக்காது. மறுபடி தேடிப் பிடிக்க எந்த அலுவலகத்திலும் ஏடு கிடையாது. இதை நினைத்தால் எனக்குப் பயமாகவே இருக்கிறது.

உங்கள் வீட்டில் அப்பாவோ அம்மாவோ இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். ஒவ்வொரு சொந்தக்காரருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, பெயர், அப்பா அவரைக் கூப்பிடும் முறை, பிறந்த மாதமும் நட்சத்திரமும், அவர் வீட்டில் அப்பா சாப்பிட்டது என்ன என்று கேட்டுக் கேட்டு எழுதி வையுங்கள்.