முதல் வரியில் தேதி இருக்கட்டும்

தீபாவளி நெருங்கும்போது தையல் கடைகளிலிருந்து வரும் வாட்ஸ்அப் செய்திகள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகின்றன: "அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு இனிய வணக்கம். எதிர்வரும் தீபாவளித் திருநாளை முன்னிட்டு நமது கடையில்…" திரையின் மேலே எட்டிப் பார்க்கும் அறிவிப்பில் தெரிவது இந்த வணக்கம் மட்டுமே. துணி கொடுக்கக் கடைசி நாள் எது என்பது ஆறாவது வரியில் கிடக்கிறது. அடுப்படியில் ஈரக்கையோடு நிற்கும் பெண் அதைத் திறந்து படிப்பாரா? அந்தத் தேதி தெரியாமல் பண்டிகைக்கு மூன்று நாள் முன்பு பட்டுப் புடவையோடு வந்து நிற்பவரிடம் "முடியாதுங்க" என்று சொல்வது கடைக்காரருக்கும் வேதனை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இரண்டு மிஷின், இரண்டு பேர் தைக்கும் தெருக்கடை. லைனிங் பிளவுஸ் ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு என்றால் கடைக்கு எட்டு. 2025இல் தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. ஆல்டர் வேலைக்குக் கடைசி மூன்று நாளை ஒதுக்கிவிட்டு 16ஆம் தேதிக்குள் கொடுத்துவிடுவதாக வைத்துக்கொள்வோம். 6ஆம் தேதி தொடங்கினால், ஞாயிறு நீங்கலாகப் பத்து நாள். ஆக 80 பிளவுஸ். செய்தி எழுதுவதற்கு முன்னால் இந்த எண் கடைக்காரர் கையில் இருக்க வேண்டும். இது இல்லாமல் அனுப்பும் செய்தி, கொடுக்க முடியாத வாக்காகிவிடும்.

இனி செய்தி:

> `*அக்டோபர் 4, சனி*` – தீபாவளி பிளவுஸ் துணி கொடுக்கக் கடைசி நாள்.
>
> அக்டோபர் 16க்குள் தைத்துத் தருகிறோம்.
>
> அளவு பிளவுஸ் கட்டாயம் கொண்டு வாங்க.
>
> 80 பிளவுஸ் மட்டுமே எடுக்கிறோம்.

தேதியின் இருபுறமும் நட்சத்திரக் குறி இட்டால் அது தடித்த எழுத்தாகிவிடும். குறிக்கும் எழுத்துக்கும் நடுவே இடைவெளி விட்டால் ஆகாது. நட்சத்திரம் அப்படியே நின்றுவிடும். ஒரு செய்தியில் ஒரே இடத்தில் தடித்த எழுத்து போதும்.

இடைவெளி விடுவதில் பலரும் தடுமாறுவது இங்கேதான். தங்கள் போனில் அழகாகத் தெரிகிறது என்று வாக்கியத்தின் நடுவிலேயே எண்டர் தட்டி வரியை உடைக்கிறார்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. சின்னத் திரையில் ஒரு வரிக்கு நாலைந்து சொல்தான் அடங்கும். எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கும் அம்மாக்களின் போனில் அதைவிடக் குறைவு. அங்கே நீங்கள் உடைத்த வரி மறுபடியும் உடைந்து, ஒற்றைச் சொல் தனியே தொங்கும். அதனால் வாக்கியம் முடிந்த இடத்தில் மட்டும் எண்டரை இரண்டு முறை தட்டி, ஒரு வெற்று வரி விடுங்கள். கூலி விவரத்தை ஸ்பேஸ் தட்டித் தட்டி நேராக அடுக்குவதும் வேண்டாம். போனுக்குப் போன் அது கோணலாகிவிடும். "லைனிங் பிளவுஸ் – இவ்வளவு ரூபாய்" என்று வரிக்கு ஒன்றாக எழுதினாலே தெளிவு. ஃபால்ஸ், ஓரம் அடிப்பது, குஞ்சம் கட்டுவது எல்லாவற்றையும் இதே செய்தியில் திணிக்காமல் வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

அனுப்பியது எல்லாருக்கும் போய்ச் சேர்ந்ததா என்பது அடுத்த கேள்வி. வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் கடையின் எண்ணைத் தங்கள் போனில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து விவரம் பார்த்தால் யார் யாருக்குச் சேர்ந்தது என்று தெரியும். இரண்டு நாளாகியும் சேராதவர்கள் பெரும்பாலும் எண்ணைப் பதியாதவர்கள்தான். அளவெடுத்து பில் போடும்போதே, "அக்கா, நம்ம நம்பரைத் தையல் கடைன்னு போட்டு வச்சுக்கோங்க" என்று சொல்லி, கண்ணெதிரே பதியவைப்பதுதான் சுலபம். பிராட்காஸ்டுக்கு வரும் பதில் கடைக்காரருக்குத் தனியாக வரும். மற்றவர்கள் பார்க்க மாட்டார்கள். குரூப் தொடங்குவதைவிட இதுவே நல்லது என்பது என் எண்ணம். குரூப்பில் ஒருவரின் எண் எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது.

60 பிளவுஸ் வந்து சேர்ந்ததும் இரண்டாவது செய்தி போக வேண்டும்: "இன்னும் 20 பிளவுஸ் மட்டுமே எடுக்க முடியும்." எண்பது நிறைந்த அன்றே, 4ஆம் தேதிக்குக் காத்திருக்காமல், "தீபாவளி ஆர்டர் முடிந்தது" என்று மூன்றாவது.

தைத்து முடித்த பிறகு "துணி ரெடி" என்று பொதுவாக அனுப்புவதுதான் பெரிய தொல்லை. தைக்காதவர்களும் கிளம்பி வந்துவிடுவார்கள். பெயர்களைப் பட்டியலாகப் போடுவதும் முறையல்ல. பில் எண் போதும்:

> `*பில் 210 முதல் 230 வரை*` – துணி ரெடி.
>
> மாலை 5 முதல் 8 வரை வாங்க.
>
> கடையிலேயே போட்டுப் பாருங்க. ஆல்டர் இருந்தால் 18ஆம் தேதிக்குள் சரிசெய்து தருகிறோம்.

17ஆம் தேதியும் வாங்காமல் கிடக்கும் பைகளுக்கு இன்னொரு பொதுச் செய்தி வேண்டாம். அந்த நாலைந்து பேருக்குப் போன் செய்துவிடுவதே சரி.