இரண்டாயிரம் டாலர் வழியில் எங்கே குறைந்தது?

நியூ ஜெர்சியில் இருக்கும் தம்பி அம்மாவின் கண் அறுவை சிகிச்சைக்காக இரண்டாயிரம் டாலர் அனுப்பினார். அன்று கூகுளில் தேடினால் ஒரு டாலர் 86 ரூபாய் என்று காட்டியது. பெருக்கினால் 1,72,000. நான்கு நாள் கழித்து மயிலாடுதுறையில் அக்காவின் பாஸ்புக்கில் விழுந்தது 1,67,624 ரூபாய் 71 காசு. 4,375 ரூபாயைக் காணோம். "கணக்கு எங்கேயோ இடிக்குதே அக்கா" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது.

இந்த மாதிரி ஒரு வரியில் மனஸ்தாபம் தொடங்கிய குடும்பங்கள் உண்டு. அனுப்பியவருக்கு, வந்த பணத்தில் யாரோ கை வைத்துவிட்டதாகத் தோன்றும். வாங்கியவருக்கு, தன்னைச் சந்தேகப்படுகிறார்களே என்று இருக்கும். பாஸ்புக்கிலோ ஒரே ஒரு வரிதான் இருக்கும். எந்தப் பிடித்தமும் அதில் தெரியாது.

இந்த அக்கா ஓர் அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறவர். பதிலை வாட்ஸ்அப்பில் தட்டாமல் வங்கிக்குப் போனார். உள்ளூர்க் கிளையில் அந்நியச் செலாவணிப் பிரிவு கிடையாது என்பதால், எழுதிக் கொடுத்துவிட்டு வரச் சொன்னார்கள். சில நாளில் வெளிநாட்டுப் பணவரவுச் சீட்டு வந்தது. எத்தனை டாலர் வந்தது, என்ன ரேட்டில் மாற்றினார்கள், என்ன பிடித்தார்கள் என்று மூன்றும் அதில் இருந்தன. அதை வைத்து நான்கு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதி, படம் எடுத்து அனுப்பினார். அதில் இருக்கும் கணக்கு வெளிநாட்டில் பிள்ளையோ தம்பியோ இருக்கும் எல்லோருக்கும் உதவும். ரேட் நாளுக்கு நாள் மாறும், வங்கிக்கு வங்கி கட்டணமும் மாறும். கணக்குப் போடும் முறை மட்டும் மாறாது.

"முதல் விஷயம்," என்று தொடங்குகிறார் அக்கா. "இங்கே வந்ததே இரண்டாயிரம் டாலர் இல்லை. 1,980தான். இருபது டாலர் அமெரிக்காவிலேயே போய்விட்டது."

எப்படிப் போயிற்று? தம்பியின் வங்கிக்கும் அக்காவின் வங்கிக்கும் நேரடிக் கணக்கு வழக்கு கிடையாது. இரண்டுக்கும் பொதுவாக நியூயார்க்கில் ஒரு பெரிய வங்கி நடுவில் நிற்கிறது. டாலர் கடல் கடந்து வருவதே இல்லை. இந்திய வங்கி அந்தப் பெரிய வங்கியில் தன் பெயரில் ஒரு டாலர் கணக்கு வைத்திருக்கிறது. தம்பியின் பணம் அங்கே வரவாகிறது. இன்னாருக்கு இவ்வளவு கொடு என்ற செய்தி மட்டும் ஸ்விஃப்ட் என்கிற வலையமைப்பின் வழியே இந்தியாவுக்கு வருகிறது. ஸ்விஃப்ட் தபால்காரர் மாதிரி. பணம் அதன் கையில் இருப்பதில்லை. நடுவில் நிற்கும் வங்கி தன் வேலைக்கான கூலியை, போகிற பணத்திலிருந்தே எடுத்துக்கொண்டு மீதியைத் தள்ளிவிடுகிறது. 15 முதல் 25 டாலர் வரை இப்படிப் பிடிப்பது வழக்கம். சில சமயம் நடுவில் இரண்டு வங்கிகள் நின்றால் இரண்டு பிடித்தம்.

இதற்கு அனுமதி கொடுத்தது யார் என்று கேட்டால், தம்பியேதான். அனுப்பும் படிவத்தில் கட்டணம் யார் பொறுப்பு என்று ஒரு கட்டம் உண்டு. OUR என்றால் எல்லாக் கட்டணமும் அனுப்புகிறவருடையது. BEN என்றால் எல்லாம் பெறுகிறவருடையது. SHA என்றால் பங்கு: அனுப்பும் வங்கியின் கட்டணம் அனுப்புகிறவருக்கு, வழியில் ஆவதும் இங்கே ஆவதும் பெறுகிறவருக்கு. பெரும்பாலும் நாம் தொடாமலேயே SHA விழுந்துவிடும். புதிய செய்தி வடிவத்தில் இதையே SHAR என்று குறிக்கிறார்கள். "நீயும் என்னைக் கேட்கவில்லை, நானும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் பங்கு போட்டாயிற்று" என்கிறார் அக்கா. OUR போட்டால் முழுப் பணமும் வருமா என்றால், பெரும்பாலும் வரும். அதற்கென்று தனிக் கட்டணம் கேட்பார்கள். அப்படியும் வழியில் பிடித்துக்கொள்ளும் வங்கிகள் உண்டு.

அடுத்ததுதான் பெரிய ஓட்டை. அதற்குக் கட்டணம் என்று பெயரே கிடையாது.

"மண்டியில் நெல் வாங்குகிற விலை ஒன்று, விற்கிற விலை ஒன்று. டாலரும் அப்படித்தான்" என்று எழுதுகிறார். கூகுள் காட்டும் 86, வங்கிகள் தங்களுக்குள் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுப்புள்ளி. அந்த விலைக்கு நமக்கு யாரும் மாற்றித் தருவதில்லை. வங்கிகள் தினமும் வெளியிடும் ரேட் பட்டியலில் பல பத்திகள் இருக்கும். வெளிநாட்டிலிருந்து கணக்குக்கு வரும் பணத்துக்குப் பொருந்துவது 'டிடி பையிங்' என்ற பத்தி. அதாவது வங்கி நம்மிடமிருந்து டாலரை வாங்கும் விலை. அன்றைக்கு அது 84 ரூபாய் 90 காசு.

ஒரு டாலருக்கு 1 ரூபாய் 10 காசு குறைவு. கேட்க அற்பமாக இருக்கும். 1,980 டாலருக்குப் பெருக்கினால் 2,178 ரூபாய். காணாமல் போன 4,375-இல் கிட்டத்தட்ட பாதி இதுதான். ஆனால் எந்தச் சீட்டிலும் இது கழிவாக வராது. 1,980 பெருக்கல் 84.90, ஆக 1,68,102 ரூபாய் என்று சுத்தமாக இருக்கும். கூகுள் ரேட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும். இன்னொன்று, அந்த ரேட் பணம் அனுப்பிய நாளுடையது அல்ல. இங்கே மாற்றிய நாளுடையது. வெள்ளிக்கிழமை அனுப்பினால் திங்கட்கிழமை ரேட். பணம் எதற்காக வந்தது என்று வங்கி கேட்டு, பதில் சொல்லத் தாமதமானால் அதற்கும் பிந்திய ரேட்.

மூன்றாவதாக ஜிஎஸ்டி. இதைக் கேட்டதும் தம்பி கொதிப்பார் என்று அக்காவுக்குத் தெரியும். "நீ அனுப்பிய பணத்துக்கு வரி இல்லை. டாலரை ரூபாயாக மாற்றிக் கொடுத்த வேலைக்குத்தான் வரி" என்று முன்கூட்டியே எழுதிவிடுகிறார். அந்த வேலைக்கு என்ன மதிப்பு என்பதைச் சட்டமே ஒரு வாய்பாடாகக் கொடுத்திருக்கிறது. முதல் ஒரு லட்சத்துக்கு ஒரு சதவீதம், அதாவது 1,000 ரூபாய். அதற்கு மேல் பத்து லட்சம் வரை அரை சதவீதம். மீதியிருக்கும் 68,102-க்கு 340 ரூபாய் 51 காசு. ஆக மதிப்பு 1,340 ரூபாய் 51 காசு. அதில் 18 சதவீதம் ஜிஎஸ்டி, 241 ரூபாய் 29 காசு. இதோடு வங்கியின் கமிஷன் 200 ரூபாய், அதற்கு ஜிஎஸ்டி 36.

இப்போது கூட்டலாம். வழியில் போன இருபது டாலர், கூகுள் ரேட்டில் 1,720 ரூபாய். ரேட் வித்தியாசம் 2,178. மாற்றியதற்கான ஜிஎஸ்டி 241.29. கமிஷன் 236. மொத்தம் 4,375 ரூபாய் 29 காசு. ஒரு காசு இடிக்கவில்லை.

கடிதத்தின் சுவாரசியமான பகுதி இதற்குப் பிறகுதான். தம்பியின் வங்கி அனுப்புவதற்கென்று தனியாக 45 டாலர் எடுத்திருந்தது. அமெரிக்காவில் வெளிநாட்டு வயருக்கு இது சாதாரணக் கட்டணம்தான். மயிலாடுதுறையில் இது யார் கண்ணிலும் படாது. ஆகவே தம்பியின் கையை விட்டுப் போனது 2,045 டாலர். வந்த ரூபாயை இதனால் வகுத்தால் ஒரு டாலருக்கு 81 ரூபாய் 97 காசு. உண்மையில் அவருக்குக் கிடைத்த ரேட் இதுதான்.

இந்த ஒரு வகுத்தல் பல மயக்கங்களைத் தெளிவிக்கும். சில அமெரிக்க வங்கிகள், டாலராக அனுப்பாமல் அங்கேயே ரூபாயாக மாற்றி அனுப்பினால் வயர் கட்டணமே வாங்குவதில்லை. இலவசம்போலத் தெரியும், ரேட்டில் எடுத்துக்கொள்வார்கள். அப்படி ஒரு வங்கி 83.50 கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 2,000 டாலருக்கு 1,67,000 ரூபாய் வரும். இங்கே மாற்ற எதுவும் இல்லாததால் மாற்றியதற்கான ஜிஎஸ்டியும் இல்லை. அக்காவின் பாஸ்புக்கில் முன்னைவிட 624 ரூபாய் குறைவாகத்தான் விழும். ஆனால் தம்பிக்கு 45 டாலர் மிச்சம். ஒரு டாலருக்கு 83.50 வருகிறது. குறைவாக வந்த பணம்தான் லாபம்.

பணம் அனுப்பும் நிறுவனங்களின் செயலிகள் இன்னொரு வழி. அவர்கள் அங்கே டாலரை வாங்கிக்கொண்டு, இங்கே ஓர் இந்திய வங்கியிலிருந்து ரூபாயாகவே போட்டுவிடுவார்கள். நடு வங்கிப் பிடித்தம் பெரும்பாலும் இராது. 10 டாலர் கட்டணமும் 85.60 ரேட்டும் காட்டினால், 2,000 டாலருக்கு 1,71,200 ரூபாய். 2,010-ஆல் வகுத்தால் 85 ரூபாய் 17 காசு. ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். முதல் முறை அனுப்புகிறவருக்குக் காட்டும் ரேட், அடுத்த முறை இறங்கிவிடும். விளம்பரத்தில் இருப்பது பெரும்பாலும் அந்த முதல் ரேட்தான்.

தொகை சிறியதாக இருந்தால் வயர் படுமோசம். இதே வழியில் 200 டாலர் அனுப்பியிருந்தால், வழிப்பிடித்தம் போக 180 டாலர் வந்திருக்கும். மாற்றினால் 15,282 ரூபாய். ஜிஎஸ்டி குறைந்தபட்சத் தொகையான 45, கமிஷன் 236 போக 15,001. தம்பி செலவழித்ததோ 245 டாலர். ஒரு டாலருக்கு 61 ரூபாய்தான். மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக வயரில் அனுப்புகிறவர்கள் இந்த எண்ணைப் பார்த்தால் அதிர்ந்துபோவார்கள். தொகை பல லட்சமாக இருக்கும்போது கதை தலைகீழ். கட்டணம் ஒரு பொருட்டில்லை, ரேட்தான் எல்லாம். அப்போது பட்டியல் ரேட்டை ஏற்காமல், பணம் வருமுன்பே கிளையில் சொல்லி வங்கியின் கருவூலப் பிரிவிடம் தனி ரேட் கேட்கலாம்.

கடைசிப் பக்கத்தில் தம்பிக்கு ஒரு வேலை வைக்கிறார் அக்கா. அமெரிக்கச் சட்டப்படி, தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது வங்கி ஒரு ரசீது தர வேண்டும். அதில் Other Fees என்ற இடத்தில் இந்த இருபது டாலர் இருக்கிறதா, Total to Recipient என்ற இடத்தில் 1,980 இருக்கிறதா 2,000 இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார். 1,980 என்றிருந்தால் முன்பே சொல்லிவிட்டார்கள். 2,000 என்றிருந்து, பக்கத்தில் Estimated என்ற குறிப்பும் இல்லையென்றால், அது வங்கியின் தவறு. பணம் சேர வேண்டிய நாளிலிருந்து 180 நாளுக்குள் புகார் செய்யலாம். வங்கி 90 நாளுக்குள் விசாரித்துப் பதில் சொல்ல வேண்டும். இந்திய வங்கியின் கமிஷனும் ஜிஎஸ்டியும் அந்தப் புகாரில் வராது. பெறுபவரின் வங்கிக் கட்டணத்தாலும் வெளிநாட்டு வரியாலும் தொகை குறையலாம் என்று அதே ரசீதின் கீழே பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள்.