கம்பளிக் கோட்டுக்குத் தேவை ஒரு பிரஷ்

டொராண்டோவில் குளிர்காலம் தொடங்கினால் கம்பளிக் கோட்டு ஐந்து மாதம் உடம்பை விட்டு இறங்காது. அதற்காக அதை மாதாமாதம் ட்ரை கிளீனிங்குக்கு அனுப்புவது வீண்செலவு, கோட்டுக்கும் கேடு. அங்கே பயன்படும் கரைப்பான்கள் அழுக்கோடு கம்பளியின் இயற்கை எண்ணெய்ப் பசையையும் கரைத்துவிடும். அடிக்கடி போட்டால் துணி வறண்டு, பொலிவிழக்கும்.

வீடு திரும்பியதும் பைகளைக் காலி செய்து, அகலமான தோள் கொண்ட மர ஹேங்கரில், காற்றோட்டமான இடத்தில் ஒரு நாள் தொங்கவிட வேண்டும். இழைகள் உள்வாங்கிய வியர்வை ஈரம் வெளியேறும்போது வாடையும் பெரும்பாலும் போய்விடும். பனியில் நனைந்திருந்தால் ஹீட்டர் பக்கமே கொண்டுபோகக் கூடாது. தானாக உலரட்டும்.

நன்றாகக் காய்ந்தபின்தான் பிரஷ். ஈரத்தில் தேய்த்தால் அழுக்கு உள்ளே இறங்கும். பன்றிமுடி பிரஷால் முதலில் ரோமத்துக்கு எதிர்த்திசையில் மென்மையாகத் தேய்த்துத் தூசியைக் கிளப்பி, பிறகு காலரிலிருந்து கீழ்நோக்கி நீளமாக இழுக்க வேண்டும். ஒட்டும் ரோலர் மேலிருக்கும் முடியைத்தான் எடுக்கும், நெசவுக்குள் புகுந்த மணலை எடுக்காது.

கடைக்கு எப்போது? காலரின் உட்புறத்தை ஈரமான வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். பழுப்பு ஒட்டினாலோ, இரண்டு நாள் காற்றாடியும் வாடை போகாவிட்டாலோ, எண்ணெய்க் கறை பட்டிருந்தாலோ அனுப்புங்கள். இல்லையென்றால் குளிர்காலம் முடிந்து உள்ளே வைக்கும் முன் ஒருமுறை போதும். அதை மட்டும் தவறவிடாதீர்கள்: வியர்வையும் உணவுக்கறையும் படிந்த கம்பளியைத்தான் அந்துப்பூச்சியின் புழுக்கள் முதலில் அரிக்கும்.